‘ஐயோ, தம்பி குத்திட்டான்!’: அந்தக் கூக்குரல் சாட்சியம் ஆகுமா?

வரப்புத் தகராறு நடந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டில், இரவு எட்டு மணிக்கு அண்ணன் வயிற்றில் கத்திக்குத்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், காயத்தைப் பொத்தியபடி, "ஐயோ, தம்பி குத்திட்டான்!" என்கிறார் அண்ணன். சிகிச்சையில் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் வழக்கு விசாரணைக்கு வருமுன் வேறொரு நோயால் இறந்துவிடுகிறார்.

இப்போது சிக்கல். கத்திக்குத்து அவர் சாவுக்குக் காரணமில்லை என்பதால், அவர் சொன்னதை மரண வாக்குமூலமாகக் கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதோ பிறர் சொல்லக் கேட்டது. அப்படியானால் அந்தக் கூக்குரல் வீண்தானா?

இல்லை. இங்கேதான் ‘ரெஸ் ஜெஸ்டே’ வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 4ஆம் பிரிவு இது. பழைய 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் 6ஆம் பிரிவு. சம்பவத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டி எழுந்த பேச்சும் அந்தச் சம்பவத்தின் ஒரு பகுதியே என்கிறது அது. யோசித்துக் கதை கட்ட நேரமில்லாதபோது வாயில் வந்த சொல் என்பதே அதன் பலம்.

ஆகவே எல்லாம் இடைவெளியில்தான் இருக்கிறது. அதே அண்ணன் மருத்துவமனையில், சொந்தபந்தம் சூழ இருந்தபின், இரண்டு மணி நேரம் கழித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. 1993இல் ஆந்திராவின் சிலகலூரிப்பேட்டை அருகே நடந்த பேருந்து எரிப்பு வழக்கில், மருத்துவமனையில் நீதித்துறை நடுவர் பதிவு செய்த வாக்குமூலங்களைக்கூட, இடைவெளி காரணமாக, இந்தப் பிரிவின்கீழ் ஏற்க 1996இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. எழுதியவர் நடுவர் என்பதால் கடந்துபோன நேரம் இல்லாமல் போய்விடாது.

வரப்பு வழக்கின் ஆவணங்கள் புதிய சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் முன்விரோதத்தைக் காட்ட வரும். நேரில் கண்ட சாட்சி இல்லாத வழக்கில் அதற்கு எடை கூடும். ஆனால் விரோதம் இருந்தது என்பதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. போலீஸ் வருகிறது என்றதும் தம்பி பின்வாசல் வழியாக ஓடியதும் அதே பிரிவில் ‘நடத்தை’யாக வரும். பயந்தும் ஒருவன் ஓடுவான் என்பதால், அதுவும் தனியாக நிற்காது.

தம்பி முன்பு திருட்டு வழக்கில் சிக்கியவன் என்று அரசுத் தரப்பு சொல்லலாமா? பலர் தடுமாறுவது இங்கேதான். ‘கெட்டவன், ஆகவே செய்திருப்பான்’ என்ற வாதத்தை 49ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் 47ஆம் பிரிவின்கீழ் தன் நல்ல குணத்துக்குச் சாட்சியம் கொடுக்கத் தம்பிக்கு உரிமை உண்டு. அப்படி அவன் கொடுத்துவிட்டால், பதிலுக்கு அவனுடைய கெட்ட குணத்தை அரசுத் தரப்பு எடுத்து வைக்கலாம். தம்பி நல்லவன் என்று சொல்ல ஊர்ப் பெரியவரைக் கூண்டில் ஏற்றுமுன் தம்பியின் வழக்கறிஞர் யோசிக்க வேண்டியது இதைத்தான்.