மே மாதத்தை வைத்து விலை போடாதீர்கள்

ஏற்காட்டில் கைவினைக் கடை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் கோடை விழாக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் கூட்டம் சட்டென்று வடிந்துவிடும், மழைக்காலத்தில் சனி, ஞாயிறு மட்டும்தான் வியாபாரம், ஆனால் வாடகை பன்னிரண்டு மாதமும் உண்டு.

கல்சட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு, சேலத்தில் ஒன்று 300 ரூபாய் என்று பத்துச் சட்டி வாங்குகிறீர்கள், மலைக்கு ஏற்ற 200 ரூபாய் ஆகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி வருவதில் ஒன்று விரிசல் விட்டால் மீதி ஒன்பதில் ஒவ்வொன்றின் அடக்க விலையும் 356 ரூபாய். இனி வாடகை. மாதம் 6000 ரூபாய் வாடகையை மேயில் விற்ற 150 சட்டிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 40 ரூபாய்தான் வரும், அதை நம்பி 450க்குக் கொடுத்தால் கையில் நிறையப் பணம் நிற்பது போலத் தெரியும். ஆனால் ஆண்டு வாடகை 72,000, ஆண்டு முழுக்க விற்பது 600 என்றால் ஒரு சட்டி சுமக்க வேண்டியது 120 ரூபாய். அதாவது உங்கள் கூலி சேராமலே 476. எனவே 650 என்று எழுதி ஒட்டுங்கள், பேரம் பேசினால் 560க்குக் கீழே இறங்காதீர்கள்.

அந்த விலைச்சீட்டு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். காரின் நம்பரைப் பார்த்து ஆளுக்கொரு விலை சொல்வது இங்கே நடக்கத்தான் செய்கிறது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பெங்களூர்க்காரர் அதே சட்டியின் விலையை உங்கள் முன்னாலேயே போனில் பார்த்துவிடுவார். வண்டி ஓட்டுநருக்குக் கமிஷன் கொடுப்பதாக இருந்தால் அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள், அவர் கூட்டி வந்தவரிடம் மட்டும் ஏற்றாதீர்கள். பாக்கெட்டில் வரும் காபித்தூள், மிளகுக்கு இன்னும் கவனம் வேண்டும், அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம், மலைக்கு ஏற்றிய கூலி என்றெல்லாம் சொல்ல முடியாது.

யார் எதை வாங்குவார் என்பதும் முக்கியம். சேலம், நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து அன்றே இறங்குகிறவர் கனமான சட்டியைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார், சேலத்து விலையும் அவருக்குத் தெரியும், அவருக்குச் சின்ன மூங்கில் கூடை, மாக்கல் விளக்கு போதும். பெரிய சட்டி காரில் வந்து தங்குகிறவருக்கு. இதைக் கவனிக்காமல் மே கடைசியில் கடனுக்குப் பெரிய சட்டியாக இறக்கிவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் மே பாதியோடு கொள்முதலைக் குறைத்துவிடுங்கள்.

சரி, ஆகஸ்டில் வியாபாரமே இல்லையென்றால் தள்ளுபடி போடலாமா? கல்சட்டிக்கு வேண்டாம். அது கெட்டுப்போகாது, பொங்கல் விடுமுறை வரை ஓரமாக அடுக்கி வைக்கலாம், இப்போது 400க்குக் கொடுத்தால் பக்கத்துக் கடையும் இறக்கும், அடுத்த சீசனில் 560 கேட்கவே முடியாது. தள்ளுபடி கொடுப்பதென்றால் நாள் போகப் போக மணம் குறையும் காபித்தூளுக்குக் கொடுங்கள்.