அம்மா பெயரில் ஒரு மண்டபம்: நன்கொடையாளருக்கு எழுதும் முதல் பதில்

போன ஆவணி மாதம் மேலூர் பக்கத்து அறக்கட்டளை ஒன்றின் செயலாளர் ஒரு கடிதத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் நடத்துகிற சிறிய அறக்கட்டளை. அவர்களுக்கு ஒரு கூடம் கட்ட வேண்டும். மதுரையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், போன வருடம் இறந்துபோன தன் தாயார் பெயரில் அந்தக் கூடத்தைக் கட்ட 20 லட்சம் தருவதாக எழுதியிருந்தார். கடிதத்தோடு அந்த அம்மாவின் புகைப்படமும் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. நெற்றிப் பக்கம் உறையின் மேலேயே குங்குமம் வைத்திருந்தார்கள்.

"சார், சரின்னு எழுதிடவா?" என்றார் செயலாளர். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன்.

பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு அறக்கட்டளையில் கணக்குத் தணிக்கை செய்யப் போனேன். வாசலில் பெரிய கல்வெட்டு, மறைந்த பெரியவர் ஒருவரின் பெயர். பேசிய தொகை 20 லட்சம். வந்தது 8 லட்சம். மீதியை வாய்ப்பேச்சில் விட்டுவிட்டு, திறப்பு விழாவுக்குக் கல்லைப் பதித்துவிட்டார்கள். அப்புறம் அந்த வீட்டில் பாகப்பிரிவினைத் தகராறு வந்தது, பணம் நின்றது. ஆனால் வீட்டு விசேஷம் என்றால் மண்டபச் சாவி கேட்டு ஆள் வந்தது. பெயரை எடுத்தால் ஊர் பேசும், வைத்திருந்தால் கான்டிராக்டர் பாக்கிக்கு வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள். "அதுதான் உங்களுக்குப் பெரிய ஆள் இருக்காரே" என்பார்கள். அந்த அறங்காவலர்களில் ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் பாக்கியை அடைத்தார். முதல் கடிதத்திலேயே நாலு வரி எழுதியிருந்தால் அந்தச் சங்கடம் வந்திருக்காது.

மேலூர்க்காரர்களுக்கு வந்த கடிதத்தில் இருந்தவை இவை. கூடத்துக்கு முழுக்க அம்மாவின் பெயர், வாசலில் மார்பளவு சிலை, முகப்பு வளைவில் தங்கள் கடையின் பெயர், குடும்ப விசேஷங்களுக்குக் கட்டணமில்லாமல் கூடம். பணத்தில் 5 லட்சம் காசோலையாக உடனே, 10 லட்சம் தை மாதம், மீதி 5 லட்சம் ரொக்கமாக. கடைசி வரியில், அமெரிக்காவில் இருக்கும் தம்பியும் சேர்ந்து தரலாம் என்று ஒரு குறிப்பு.

இதில் பேராசை எதுவும் இல்லை. அம்மாவுக்கு என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்ய வேண்டும் என்ற தவிப்புதான் தெரிந்தது. அதனால் பதிலில் எந்த இடத்திலும் பேரம் பேசுகிற தொனி வரக்கூடாது என்று முடிவு செய்தோம்.

எழுத உட்காருமுன் அறங்காவலர் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதச் சொன்னேன். இது சம்பிரதாயத்துக்காகச் சொன்னதல்ல. மறுக்க வேண்டிய இடத்தில் "நான் முடியாது என்கிறேன்" என்று செயலாளர் எழுதினால் அது இரண்டு ஆட்களுக்கு இடையிலான மனக்கசப்பாகிவிடும். "இந்தத் தேதியில் நிறைவேறிய தீர்மானப்படி, யார் நன்கொடை தந்தாலும் இதுவே நடைமுறை" என்று எழுதினால் அதே மறுப்பு பொது விதியாகிவிடுகிறது.

தீர்மானத்துக்கு முதலில் கணக்கு வேண்டும். கூடம் 1,600 சதுர அடி. கான்டிராக்டர் சொன்ன விலை சதுர அடிக்கு 2,300 ரூபாய், ஆக 36.8 லட்சம். மின் இணைப்பு, விசிறி, நாற்காலி என்று 4.2 லட்சம். மொத்தம் 41 லட்சம். செலவில் பாதியாவது தருபவரின் பெயரைத்தான் முழுக் கூடத்துக்கும் வைப்பது என்று தீர்மானித்தார்கள். அதற்கு 20.5 லட்சம். இதோடு பராமரிப்புக்கு 2 லட்சம் தனியாகக் கேட்கச் சொன்னேன். அதை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 14,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 70,000 ரூபாயில் வெள்ளையடித்து, பழுது பார்த்துவிடலாம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் அம்மாவின் பெயர் இருப்பதை எந்த மகனும் விரும்ப மாட்டார், அதை அவரிடமே சொல்லலாம். இந்த 2 லட்சத்தை, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் மூலநிதியாக வைத்துக்கொள்ளச் சொல்லி நன்கொடையாளர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும். நாமாக மூலநிதி என்று கணக்கில் எழுதிக்கொண்டால் வருமான வரித்துறை ஏற்காது.

இனி கடிதம். முதல் பத்தி அம்மாவைப் பற்றியே. செயலாளர் போனில் விசாரித்ததில் அந்த அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று தெரிந்தது. அதனால் இப்படித் தொடங்கினோம்:

"தங்கள் கடிதமும் தாயாரின் படமும் கிடைத்தன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த ஒரு தாயின் பெயர், பிள்ளைகள் படிக்கும் கூடத்துக்கு அமைவதை எங்கள் அறங்காவலர் குழு மனமார ஏற்கிறது. பணி தொடங்கும் முன் நாம் இருவரும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டிய சிலவற்றைக் கீழே எழுதியிருக்கிறோம். இவற்றில் ஐயம் இருந்தால் நேரில் வந்து பேச விரும்புகிறோம்."

'நிபந்தனை' என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. ஆனால் இருப்பவை எல்லாம் நிபந்தனைகள்தான்.

அடுத்தது பணம். "மொத்தத் தொகை 22.5 லட்சத்தை அடித்தளம், மேற்கூரை, பூச்சு வேலை என்று மூன்று கட்டங்களில் வங்கி வழியாக அனுப்ப வேண்டுகிறோம். மூன்றாம் தவணை வந்த பிறகு பெயர்க்கல் பதிக்கப்படும். ஏதேனும் காரணத்தால் முழுத்தொகை இயலாமல் போனால், தந்த தொகைக்கு ஏற்ப கூடத்தினுள் நூலகப் பகுதிக்குத் தாயாரின் பெயரை வைப்போம்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். நடுவில் பணம் நின்றால் என்ன ஆகும் என்பதை, நிற்பதற்கு முன்பே, யாரும் குறைபடாத விதத்தில் சொல்லிவிடுகிறது. கட்டங்களாக வாங்குவதில் அறக்கட்டளைக்கும் வசதி உண்டு. வந்த நன்கொடையில் 85 சதவீதத்தை அந்த ஆண்டுக்குள் செலவிட வேண்டும் என்பது பொது விதி. மார்ச் மாதம் மொத்தமாக வந்து சேர்ந்தால் அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகத் தனியாகப் படிவம் கொடுத்து அலைய வேண்டும்.

ரொக்கத்தைப் பற்றி எழுதும்போது அவர் மேல் சந்தேகப்படுவது போலத் தெரியக்கூடாது. அவருக்கு நட்டம் என்ற பக்கத்திலிருந்து சொன்னோம். ரொக்கமாகத் தரும் நன்கொடையில் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் அவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே நமக்கு அபராதம் வரும். இந்த இரண்டு வரி போதும்.

கடைப் பெயர் வளைவுதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. ஏனென்றால் இது மற்றவை போல ரசனை சார்ந்த விஷயம் இல்லை. 2019 அக்டோபரில் மறைமுக வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தகப்பனாரின் நினைவாக இன்னார் வழங்கியது என்று நன்றிக்காகப் பெயர் பொறித்தால் ஜி.எஸ்.டி. கிடையாது என்று அதில் எடுத்துக்காட்டோடு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் நன்கொடையாளரின் வியாபாரத்துக்கு விளம்பரமாக அமையக் கூடாது. கடைப் பெயரை, கடையின் சின்னத்தோடு முகப்பு வளைவில் போட்டால், தந்த பணம் விளம்பரத்துக்கான கட்டணம் என்று அதிகாரி கேட்க இடம் கிடைக்கும். நன்கொடை என்ற தகுதியே கேள்விக்குள்ளாகிவிடும். ஆகவே, "கடையின் பெயருக்குப் பதிலாக, மகன் என்ற முறையில் தங்கள் பெயரைக் கல்லில் பொறிப்பது தாயாருக்கும் பொருத்தமாக இருக்கும், வரிச் சட்டத்துக்கும் உகந்தது" என்று எழுதினோம்.

சிலைக்கு மாற்றாக, கூடத்தின் உள்ளே இரண்டடி உயரப் படமும் அதன் கீழே அம்மாவைப் பற்றிப் பத்து வரியும். குடும்ப விசேஷத்துக்கு மாற்றாக, அம்மாவின் நினைவு நாளன்று குடும்பத்தார் கூடத்துக்கு வந்து பிள்ளைகளோடு சாப்பிடலாம். படிப்பகச் சொத்தை ஒரு குடும்பம் இலவசமாகப் பயன்படுத்தினால் அறக்கட்டளையின் வரிவிலக்குக்கே ஆபத்து என்ற காரணத்தையும் ஒரே வரியில் சேர்த்தோம்.

பெயரை எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு நடைமுறை உண்டு. சாதிப் பின்னொட்டு இல்லாமல்தான் எந்தப் பெயரும் பொறிக்கப்படும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்து உட்கார வேண்டிய கூடம் அது. இந்த ஒன்றை மட்டும் கடிதத்தில் எழுதியதோடு விடாமல் நேரிலும் சொல்லச் சொன்னேன். எழுத்தில் படிக்கும்போது இது குத்தும், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் புரியும்.

எவ்வளவு காலத்துக்குப் பெயர் இருக்கும்? 'என்றென்றும்' என்று எழுத வேண்டாம் என்றேன். மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபமே 2018 பிப்ரவரியில் ஒரே இரவில் எரிந்தது. கல் மண்டபத்துக்கே அந்தக் கதி என்றால் நம் கான்கிரீட் கூடத்துக்கு என்ன உத்தரவாதம்? "இக்கட்டடம் நிற்கும் காலம் வரை பெயர் நிற்கும். இடித்துக் கட்ட நேர்ந்தால் குடும்பத்துக்கு முன்னறிவிப்புத் தந்து, புதிய கட்டடத்தில் தாயாரின் நினைவாக ஒரு கல் பதிக்கப்படும்" என்று எழுதினோம்.

அமெரிக்கத் தம்பிக்கு ஒரே கேள்விதான்: கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டா? ஆம் என்றால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. அண்ணன் கணக்குக்கு அனுப்பி அதன் வழியாகத் தருவதும் தவறுதான். இதைக் கடிதத்தில் போடாமல் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தம்பி குடியுரிமை வாங்கிவிட்டார். அதனால் தொகை முழுதும் அண்ணன் சம்பாத்தியத்திலிருந்தே வருவதென்று முடிவாயிற்று.

கடிதம் போன நாலாம் நாள் அவர் நேரில் வந்தார். சிலை இல்லை என்பதில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், படத்தின் கீழே எழுதும் பத்து வரியைத் தானே எழுதித் தரலாமா என்று கேட்டார். கல்வெட்டு வாசகத்தைப் பென்சிலில் எழுதிப் பார்த்தார், கடைப் பெயர் அதில் இல்லை. கடிதத்தின் இரண்டு பிரதிகளிலும் "படித்தேன், சம்மதம்" என்று கையெழுத்துப் போட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். இப்போது கூரை போட்டாகிவிட்டது. இரண்டு தவணை வந்திருக்கிறது. இரண்டடிக்கு ஒன்றரையடி கருங்கல் பலகை, எழுத்து வெட்டாமல், மூன்றாம் தவணைக்காகப் படிப்பகச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.