பாலிசிச் சொல்லில் சந்தேகம் வந்தால் யார் பக்கம் தீர்ப்பு?

குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கிடங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாசலில் சாலை போடும் வேலை நடக்கிறது, ரோடு ரோலர் ஓடுகிறது. அது கட்டடத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் அதிர்வில் பக்கச் சுவர் விரிசல் விட்டுவிட்டது. சாலை வாகனத்தின் ‘இம்பேக்ட்’டால் வரும் சேதத்துக்குப் பணம் உண்டு என்கிறது பாலிசி. வண்டி வந்து மோதவில்லையே என்று கம்பெனி கிளெய்மை மறுத்துவிடுகிறது.

கிட்டத்தட்ட இதே பிரச்சினைதான் புஷ்பாலயா பிரிண்டர்ஸ் வழக்காக 2004-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஓடியது புல்டோசர். ‘இம்பேக்ட்’ என்றால் நேரடி மோதல் என்றும் சொல்லலாம், பலமான தாக்கம் என்றும் சொல்லலாம். நேரடியாக மோதினால் மட்டுமே பணம் என்று பாலிசியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே நீதிமன்றம் ஏற்றது.

இது இரக்கத்தால் வந்த தீர்ப்பு அல்ல. பாலிசியின் ஒவ்வொரு சொல்லையும் எழுதுவது கம்பெனி. வாங்குபவர் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது, கையெழுத்துப் போடத்தான் முடியும். ‘நேரடியாக மோதினால் மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் சண்டையே வந்திருக்காது. சேர்க்காமல் விட்டவர் அதன் நஷ்டத்தை ஏற்கட்டும் என்பது நியாயம்தானே!

ஆனால் இரண்டு பொருளுக்கும் உண்மையிலேயே இடம் இருந்தால்தான் இந்த விதி உதவும். அதே கிடங்கில் பூட்டு உடையவில்லை, யாரையும் மிரட்டவில்லை, ஆனால் சரக்கு காணாமல் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலவந்தமாக நுழைந்து திருடினால் மட்டுமே இழப்பீடு என்று பாலிசியில் தெளிவாக இருந்தால் பணம் கிடைக்காது. ஹர்சந்த் ராய் வழக்கில், அதுவும் 2004-தான், உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது இதனால்தான். சொல் தெளிவாக இருக்கும்போது நீதிமன்றம் புதிதாக ஒப்பந்தம் எழுதித் தராது.

சரி, மறுப்பு வந்தால் என்ன செய்வது? எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன காரணம் அப்புறம் மாறிவிடும். அந்த வரியைச் சொல்லுக்குச் சொல் எடுத்து எழுதி, அதற்கு இன்னொரு நியாயமான பொருளும் உண்டு என்று காட்டி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு போடுங்கள். இந்த மனுவின் உயிரே அந்த இரண்டாவது பொருள்தான். ‘பிரீமியம் ஒழுங்காகக் கட்டினேன்’ என்று மட்டும் எழுதினால் போதாது.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தனிநபர்களும், ஒரே ஆளுக்குச் சொந்தமான கடைகளும், குறுந்தொழில்களும் இங்கே புகார் தரலாம். கம்பெனி மறுத்து ஓராண்டுக்குள் தர வேண்டும். வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி, அங்கே கெடு இரண்டு ஆண்டு. ஆணையத்தில் ஏற்கெனவே வழக்கு போட்டிருந்தால், அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார்.