தம்பதியின் சீண்டலில் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் விழுந்தால்

"எந்நேரமும் சண்டைதான். பிரிந்துவிடுவோமா?" என்று கேட்டு வருபவருக்கு டாரோ சீட்டுகளில் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் விழுந்தால், சில வாசிப்பாளர்கள் அந்த இடத்திலேயே பயமுறுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். பெரிய தகராறு வருகிறது, பரிகாரம் செய்ய வேண்டும், அதற்கு இவ்வளவு ஆகும் என்று பேச்சு போகிறது. டாரோ வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பிரிவு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

முதலில் படத்தைப் பாருங்கள். 1909இல் வெளிவந்த ரைடர்-வெய்ட் சீட்டுக்கட்டுக்காக பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. ஐந்து இளைஞர்கள் ஆளுக்கொரு கோலை ஓங்கியிருக்கிறார்கள். ஐவரின் உடையும் வேறு வேறு. கோல்கள் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன, ஆனால் ஒருவர் மேலும் அடி விழவில்லை, ரத்தம் இல்லை, யாரும் கீழே விழுந்து கிடக்கவில்லை. சிலம்பப் பயிற்சியைத் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது. இந்தச் சீட்டுக்கட்டை உருவாக்கி, இதை விளக்கிய வெய்ட்டும் போலிச் சண்டை என்றே எழுதினார். அதே காலத்தின் கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவின் மரபு மட்டும் இதற்குப் பூசல் என்று பெயர் வைத்தது. இன்றைய விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இந்த இரட்டை வேர் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, விளையாட்டா பூசலா என்பதை இந்தச் சீட்டு தனியாகச் சொல்லாது. பக்கத்துச் சீட்டுகளும் எதிரில் இருப்பவரின் பதில்களும்தான் சொல்ல வேண்டும்.

ஒரு தம்பதிக்கு வாசித்ததை, அடையாளங்களை மாற்றி, இங்கே எழுதுகிறேன். இருவரும் சேர்ந்தே வந்திருந்தார்கள். யார் வண்டியை ஒரே திருப்பில் நிறுத்துவது, யார் வைத்த ரசம் நன்றாக இருக்கிறது என்று எல்லாவற்றிலும் போட்டி. அது பிடித்தும் இருந்தது. ஆனால் சமீபமாக அதே போட்டி ராத்திரி வரை நீண்டு, பேச்சே நின்றுபோகும் அளவுக்கு வந்திருந்தது. ஐந்து சீட்டு வைத்தேன்: அவள், அவன், இருவருக்கும் நடுவில் நடப்பது, அதற்கு அடியில் இருப்பது, இப்படியே போனால் என்ன. அவளுக்கு குயின் ஆஃப் வாண்ட்ஸ், அவனுக்கு நைட் ஆஃப் வாண்ட்ஸ், நடுவில் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ். வாண்ட்ஸ் என்ற கோல் வரிசை நெருப்பைக் குறிக்கும், மூன்றுமே நெருப்பின் சீட்டுகள். இதோடு நிறுத்தியிருந்தால், துடிப்பான ஜோடி, சீண்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம்.

அடியில் வந்தது சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸ். ஒருவர் கையில் தராசோடு நின்று காசு கொடுக்கிறார், இருவர் மண்டியிட்டு வாங்குகிறார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: "எந்த விஷயத்தைக் கேலி செய்தால் உங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை?" அவள் சட்டென்று சொன்னாள்: "சம்பளம். அதையும் சொந்தக்காரங்க முன்னாடி சொல்றது." அவள் வேலை மாறியதில் வருமானம் குறைந்திருந்தது. அவனுக்கு அது வண்டி நிறுத்துவது போல இன்னொரு போட்டி. அவளுக்கு அது மண்டியிடுவது.

கடைசிச் சீட்டு செவன் ஆஃப் வாண்ட்ஸ். அதே கோல்கள்தான், ஆனால் இங்கே ஒருவன் மேட்டில் தனியாக நின்று, கீழிருந்து வரும் ஆறு கோல்களைத் தடுக்கிறான். ஐவர் ஆடிய ஆட்டம் ஒருவரின் தற்காப்பாக மாறிவிடும் என்று படித்தேன். இப்போதே அவள் ரசத்தைப் பற்றிய கேலிக்கும் பாய்வதற்கு அதுதான் காரணம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பணத்தைப் பற்றிய கேலி வேண்டாம், மற்றவர் முன் நிச்சயமாக வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். வண்டிப் போட்டியை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

பக்கத்தில் ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்திருந்தால் என் வாசிப்பு வேறாக இருந்திருக்கும். அதில் ஒருவன் வாள்களைப் பொறுக்கிக்கொண்டு ஏளனமாகப் பார்க்கிறான், மற்ற இருவர் முதுகைக் காட்டி நடக்கிறார்கள். ஜெயிப்பதற்காகவே காயப்படுத்துவது அங்கே பேச்சாகும். அப்போது எப்போதும் ஒருவரே ஜெயிக்கிறாரா, 'போதும்' என்றால் மற்றவர் நிறுத்துகிறாரா என்று கேட்பேன்.

"நிறுத்தச் சொல்ல பயமா இருக்கு" என்ற பதில் வந்தால், அல்லது கை நீட்டுவது பற்றித் தெரிந்தால், அடுத்த சீட்டை எடுக்க மாட்டேன். அதை 'விளையாட்டுப் போட்டி' என்று விளக்கி அனுப்புவது ஒருவரை ஆபத்துக்குள் திருப்பி அனுப்புவது. பெண்களுக்கான 181 உதவி எண்ணைக் கொடுத்து, அங்கிருந்தே அழைக்கவும் இடம் தருகிறேன். அந்த வாசிப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை.