இரவில் கிளவுடுக்குப் போகும் செக்ரோல்: தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது என்ன?

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆட்களின் விபரங்களை வைத்திருப்பவர்கள் அவை பிறர் கைக்குப் போகாமலும் அழியாமலும் காக்க வேண்டும் என்கிறது. அதற்கு அது பெயர் சொல்லும் வழிகளில் ஒன்று மறைகுறியாக்கம், அதாவது சாவி இல்லாதவர் வாசிக்க முடியாதபடி மாற்றிவைப்பது. எந்த மென்பொருள் என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை.

ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்குக் கணினி தானாகவே, தொழிலாளர்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடான செக்ரோலை கிளவுடுக்கு அனுப்புகிறது. காலையில் கொழும்புத் தலைமை அலுவலகம் அதை எடுத்துக்கொள்கிறது. அதில் தொழிலாளர்களின் அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன.

போகும் வழியில் HTTPS காக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில், உதாரணமாக அமேசான் S3, 2023 ஜனவரியிலிருந்து புதிய கோப்புகளைத் தானே மறைகுறியாக்கி வைக்கிறது. அப்படியென்றால் சரிதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சாவி கிளவுட் நிறுவனத்திடம் இருக்கிறது. வட்டு களவுபோனால் அது உதவும். அலுவலகக் கணக்கின் கடவுச்சொல் களவுபோனால் உதவாது, உள்ளே வருபவருக்குக் கோப்பு திறந்தே கிடைக்கும். ஆகவே கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே நாமே பூட்டி அனுப்புவதுதான் என் சிபாரிசு. rclone என்ற இலவசக் கருவியில், கோப்பு போய்ச் சேரும் இடத்துக்கு ரிமோட் என்று பெயர். அதில் உங்கள் கிளவுடுக்கான ரிமோட்டை அமைத்து, அதன் மேல் crypt வகை ரிமோட் ஒன்றை அமைத்தால் போதும். அந்த crypt ரிமோட்டுக்கு pootu என்று பெயர் வைத்தால், இரவில் ஓட வேண்டிய கட்டளை இது:

```
rclone copy D:\checkroll pootu:hatton
```

மறுநாள் கிளவுட் கணக்கை பிரவுசரில் திறந்து பாருங்கள். கோப்புப் பெயர்கள் புரியாத எழுத்துகளாக இருக்க வேண்டும். பெயரை வாசிக்க முடிந்தால், கட்டளை வேறு ரிமோட்டுக்குப் போயிருக்கக்கூடும்.

மலையகத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. கரண்ட் போய் வந்ததும், மதர்போர்டின் பட்டன் பற்றரி செத்த பழைய கணினியின் கடிகாரம் பல வருடங்கள் பின்னால் போய்விடும். கிளவுட் தளத்தின் அடையாளச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அது நினைப்பதால், அன்றிரவு லொக்கில் இப்படி வரும்:

```
x509: certificate has expired or is not yet valid
```

அவசரத்தில் சிலர் `--no-check-certificate` என்று சேர்த்து ஓட வைத்துவிடுவார்கள். வேலை நடந்துவிடவும் கூடும். ஆனால் மறுமுனையில் இருப்பது உண்மையான கிளவுடா, இடையில் புகுந்த ஒருவரா என்று இனிக் கணினி பார்க்காது. அதை யாரும் பிறகு எடுப்பதும் இல்லை. தேதியைச் சரிசெய்து, CR2032 பற்றரியை மாற்றுங்கள். உங்கள் கட்டளையில் அந்தச் சொல் ஏற்கனவே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அப்புறம் சாவி. crypt கடவுச்சொல் தொலைந்தால் கோப்புகளை யாராலும் மீட்க முடியாது. rclone.conf கோப்பில் அது இருந்தாலும், வெறுமனே உருமாற்றித்தான் வைக்கப்படுகிறது. அந்தக் கோப்பு கிடைத்தவர் அதை எளிதாக எடுத்துவிடலாம். ஆகவே அந்தக் கோப்பை மெயிலில் அனுப்பாதீர்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி அலுவலக இரும்புப் பெட்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று வையுங்கள்.