சேலைன் போத்தலில் இல்லாத உப்பு

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேருமே வயிற்றோட்டம் வந்து, வீட்டில் கிடந்து, "ஒரு சேலைன் ஏற்றினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையில் எங்கேயோ ஒரு சேலைன் ஏற்றிக்கொண்டு, மறுநாள் எழுந்து நடக்க முடியாமல் என்னிடம் தூக்கிவரப்பட்டவர்கள். ஒருவருக்குச் சொல்லி, அடுத்தவருக்கும் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுபவர். மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை சுடுகல்லின் முன்னால் நிற்கிற வேலை. சட்டை பிழியப் பிழிய வியர்க்கும். சில வருடங்களாக பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். அதில் ஒன்று, சிறுநீரை அதிகமாகப் போகச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைட். இவருக்கு ஒரு திங்கட்கிழமை வயிற்றோட்டம் தொடங்கியது. நாளொன்றுக்கு எட்டு, பத்துத் தடவை தண்ணீராகப் போயிருக்கிறது. இரண்டு நாள் அந்த நிலையிலேயே வேலைக்கும் போயிருக்கிறார். "சாப்பிட்டால் கூடும்" என்று வீட்டில் சொன்னதால் பிளேன் டீயும் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. தாகத்துக்கு வெறும் தண்ணீரும் சோடாவும். குளிசையை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை.

புதன்கிழமை இரவு கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருக்கின்றன. வியாழக்கிழமை மாலை பக்கத்தில் ஓர் இடத்தில் ஒரு சேலைனும் ஒரு டெக்ஸ்ட்ரோஸும் ஏற்றினார்கள். அன்றிரவே வயிற்றோட்டம் நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வெள்ளி காலையில் கட்டிலில் இருந்து எழ முடியவில்லை.

என் அறைக்கு வரும் வழியில் ஒரே ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் ஏற அவர் தன் வலது தொடையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி வைத்தார். பிறகு இடது தொடையையும் அப்படியே. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இவருக்குப் பாரிசவாதமா?" என்று கேட்டார்.

இல்லை. பாரிசவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாக்கும். வாய் கோணும், பேச்சுக் குழறும். இவருக்கோ இரண்டு பக்கமும் ஒரே அளவில் பலவீனம், அதுவும் தொடையிலும் தோளிலும்தான் அதிகம். பேச்சு தெளிவு. தொட்டால் தெரிகிறது, கிள்ளினால் வலிக்கிறது. முழங்காலில் தட்டினால் கால் அசையவே இல்லை. வயிறு பலூனாக ஊதியிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் குடலின் சத்தம் அரிதாகத்தான் கேட்டது. நாடித்துடிப்பில் இடைக்கிடை ஒன்று தவறியது. ஈசிஜியில் டி அலை படுத்துக் கிடக்க, அதன் பின்னால் யு அலை எழும்பி நின்றது. இரத்த முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை, வைத்தியசாலைக்கு அனுப்பினேன். அங்கே பொட்டாசியம் 2.3 என்று வந்தது. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. சோடியம் 129, அதுவும் 135க்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

வயிற்றோட்டம் நின்றது குணமாகியதால் அல்ல. குடலும் தசைதான். காலை முடக்கிய அதே பொட்டாசியக் குறைவு குடலையும் முடக்கியிருந்தது. வயிற்றோட்டம் நின்று, கூடவே வயிறு ஊதி, காற்றும் போகவில்லை என்றால் தயவுசெய்து நிம்மதி அடையாதீர்கள்.

இனி அந்தச் சேலைனுக்கு வருகிறேன். நோயாளிகள் அதைச் சர்வரோக நிவாரணியாக நினைக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? தண்ணீரும் சாதாரண சமையல் உப்பும். அரை லீட்டர் போத்தலில் நாலரை கிராம் உப்பு, அவ்வளவுதான். பொட்டாசியம் ஒரு துளியும் இல்லை. வற்றிப்போன உடம்புக்கு நீரையும் சோடியத்தையும் அது கொடுக்கும், இரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவரின் உயிரைக் காக்கும். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் மலத்தோடு போன பொட்டாசியத்தை அதனால் திருப்பித் தர முடியாது. ஹார்ட்மன் என்ற திரவத்தில் கொஞ்சம் உண்டு, அதுவும் இத்தகைய குறைவுக்குப் போதாது.

டெக்ஸ்ட்ரோஸ் இன்னும் மோசம். "குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்" என்று கேட்டு வாங்கி ஏற்றுகிறார்கள். சீனி இரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் சீனியை உயிரணுக்களுக்குள் தள்ளும்போது பொட்டாசியத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். உடம்பின் பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு எப்போதும் உயிரணுக்களுக்குள்தான் இருக்கிறது. இரத்தம் உட்பட உயிரணுக்களுக்கு வெளியே இருக்கிற மிச்ச இரண்டு பங்கு சற்றுக் குறைந்தாலே தசைக்கும் இதயத்துக்கும் தாங்காது. ஏற்கெனவே வற்றியிருந்த அந்தச் சிறு பங்கைத்தான் அந்தப் போத்தல் மேலும் இறக்கியது. மாலையில் தள்ளாடியாவது நடந்த மனிதர் காலையில் நடக்க முடியாமல் போனதற்கு அதற்கும் பங்கிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் வியர்வை? பலர் எல்லாத் தசைப்பிடிப்பையும் பொட்டாசியக் குறைவு என்கிறார்கள். அது தவறு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஒரு லீட்டர் வியர்வையோடு ஒன்று முதல் நான்கு கிராம் வரை உப்புப் போகலாம். பொட்டாசியம் மிகக் கொஞ்சம்தான். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகள் பகல் முழுக்க வெறும் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மாலையில் கால் பிடித்துக்கொண்டது என்று வந்தால், நான் முதலில் சந்தேகிப்பது உப்புக் குறைவைத்தான். தண்ணீர் போன அளவுக்கு உள்ளே வந்துவிட்டது, உப்பு வரவில்லை. வயிற்றோட்டத்தில் நிலைமை வேறு. தண்ணீராகப் போகும் மலத்தில் பொட்டாசியம் வியர்வையில் உள்ளதைப் போல் பல மடங்கு.

இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வந்தால் சிறுநீரகமும் நிலைமையைக் கெடுக்கும். உடம்பில் நீர் குறைந்ததும், கிடைக்கிற சோடியத்தை இழுத்துப் பிடிக்கும்படி அல்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோன் சிறுநீரகத்துக்கு உத்தரவிடும். சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடும். இவர் விழுங்கிய குளிசையோ சோடியம், பொட்டாசியம் இரண்டையும் வெளியேற்றும் வகை. மலத்தில், வியர்வையில், சிறுநீரில் என்று மூன்று வழியாகவும் போய்க்கொண்டிருக்க, வாய்வழியாக வந்தது கிரீம் கிராக்கரும் பிளேன் டீயும்.

"வாழைப்பழம் கொடுக்கவா?" என்று மனைவி கேட்டார். நல்ல கேள்வி. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 10 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கும். அவர் உடம்பில் குறைந்திருந்தது என் கணக்கில் 300க்கு மேல். முப்பது பழத்தை, அசையாத குடலுக்குள் எப்படி அனுப்புவது? பழம் ஆரம்பத்திலேயே, முதல் நாளே கொடுக்க வேண்டியது. வைத்தியசாலையில் ஒரு லீட்டர் சேலைனில் 40 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைட் கலந்து, மணிக்கு 10 மில்லிமோல் வேகத்தில், இதயத்துடிப்பைத் திரையில் பார்த்தபடி ஏற்றினார்கள். கூடவே மக்னீசியமும் கொடுத்தார்கள். அது குறைந்திருந்தால் பொட்டாசியம் உடம்பில் தங்காது. சோடியத்தை வேண்டுமென்றே மெதுவாகத்தான் உயர்த்தினார்கள். அவசரப்பட்டால் மூளை பாதிக்கப்படும். மூன்றாம் நாள் பொட்டாசியம் 3.6. அன்று அவர் தானாக எழுந்து கழிவறைக்கு நடந்தார்.

இதை வீட்டிலேயோ, சிறிய டிஸ்பென்சரியிலேயோ "பொட்டாசியம் ஊசி போடுங்கள்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நேராக நரம்புக்குள் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது எளிமையானது. மருந்துக் கடையில் ஜீவனி கிடைக்கிறது. அதில் உப்பும் குளுக்கோஸும் மட்டுமல்ல, பொட்டாசியமும் இருக்கிறது. சேலைன் போத்தலில் இல்லாதது அந்தச் சிறு பைக்கற்றில் இருக்கிறது. பைக்கற்றின் மேல் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் முழுவதையும் கரையுங்கள். பாதியைப் பிரித்து ஒரு கிளாஸில் போடுவது, சோடாவில் கலப்பது, ருசிக்குச் சீனி சேர்ப்பது எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு தடவை போன பின்னும் பெரியவர்கள் ஒரு கிளாஸ், வாந்தி வந்தால் கரண்டி கரண்டியாக. 24 மணித்தியாலத்துக்கு மேல் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். வீட்டில் கலக்கும் சீனி உப்புக் கரைசல் அவசரத்துக்கு உதவும், ஆனால் அதில் பொட்டாசியம் இல்லை.

செவ்விளநீர் நல்லது. அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே ஜீவனியோடு சேர்த்துக் குடியுங்கள், ஜீவனிக்குப் பதிலாக அல்ல. சிறுநீரக நோய் உள்ளவர்கள் செவ்விளநீரையும் பழங்களையும் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினாலும் ஆபத்து.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம், பசிக்கிற அளவுக்குச் சாப்பிடலாம். வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து உடம்பைப் பட்டினி போடுகிறீர்கள்.

பிரஷருக்கோ இதயத்துக்கோ சிறுநீர்க் குளிசை எடுப்பவர்கள் வயிற்றோட்டம் தொடங்கிய அன்றே வைத்தியரை அழைத்து, "இதைத் தொடரவா, நிறுத்தவா?" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நாலாம் நாள் வரை பேசாமல் விழுங்கவும் வேண்டாம்.

படியேறக் காலைத் தூக்க முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது, மயக்கம் வருகிறது, மூச்சு வாங்குகிறது, எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் எங்கேயும் போத்தல் ஏற்றிக்கொண்டிருக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தம் எடுக்கும்போது கையைத் திரும்பத் திரும்பப் பொத்தி விரிக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து, குறைந்திருப்பதைச் சரியாக இருப்பதாகக் காட்டிவிடும். இப்படி "நோர்மல்" என்று எழுதிய அறிக்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவர் போன வாரம் வந்தார். குளிசையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சுடுகல்லின் முன்னால் நிற்கும்போது இப்போது பக்கத்தில் உப்புப் போட்ட மோர் ஒரு போத்தலும், சட்டைப் பையில் ஒரு ஜீவனி பைக்கற்றும் இருக்கிறதாம். படியைக் கை வைக்காமல் ஏறி வந்தார்.