20 மணி நேர வேலை 32 மணி நேரமாவது எங்கே?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் ஏறக்குறைய மே மாதம் தொடங்கும். அதற்கு முன்னரே விடுதிக்காரருக்கும் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவருக்கும் பிரசுரம், பெயர்ப்பலகை என்று எல்லாம் ஒரேயடியாக வேண்டும். மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு டிசைன் நிறுவனத்துக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியிருந்தும் மாத முடிவில் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றால், நேரம் எங்கோ ஒழுகுகிறது.

எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் என்று பலர் எழுதி வைப்பார்கள். அது போதாது. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு விடுதியின் மும்மொழிப் பிரசுரத்துக்கு 20 மணி நேரம் பிடிக்கும் என்று நினைத்து 60,000 ரூபாய் கேட்கிறோம். மணிக்கு 3,000 ரூபாய். முடிந்தபின் பார்த்தால் 32 மணி நேரம் போயிருக்கிறது. மணிக்கு 1,875 ரூபாய்தான் கிடைத்திருக்கிறது. நட்டம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. டிசைன் செய்தவர் மெதுவானவர் என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இப்போது அதே 32 மணி நேரத்துக்கு வகை போடுவோம். ஒவ்வொரு பதிவிலும் திகதி, ஆள், வேலை, வகை, நிமிடம் என்று ஐந்து பத்திகள். வகைகள் ஆறேழுக்கு மேல் வேண்டாம்; நீளமான பட்டியலைப் பார்த்ததும் ஆட்கள் கைக்கு வந்ததைத் தெரிவு செய்துவிடுவார்கள். டிசைன் 12 மணி, மூன்று மொழி எழுத்துக்கோப்பு 5, வாடிக்கையாளரோடு கதைத்தது 4, திருத்தம் 11 என்று வருகிறது.

திருத்தம்தான் பெரியது. ஆனால் அந்த ஒரு வகையை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. நம் பிழையைத் திருத்துவதும் வாடிக்கையாளர் மனம் மாறியதால் திருத்துவதும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒரு வகையின் எண் கூடினால் என்ன செய்வோம் என்று சொல்ல முடியாவிட்டால், அதைக் காரணத்தின்படி உடைக்க வேண்டும். நான் மூன்றாக உடைப்பேன்: நம் பிழை, வழக்கமான சுற்று, உரை பிந்தியது. உடைத்ததும் படம் மாறுகிறது. நம் பிழை 1 மணி, வழக்கமான சுற்று 2, உரை பிந்தி வந்ததால் 8.

அந்த 8 மணி நேரத்துக்குள் நடந்தது இதுதான். தமிழையும் ஆங்கிலத்தையும் வைத்து பக்கம் அமைத்து முடித்தபின் சிங்கள உரை வந்தது. அது யூனிகோடில் இல்லை, பழைய எஃப்எம் அபய எழுத்துருவில். தமிழ் உரைக்குப் பதிலாக வந்த புதிய பிரதியோ பாமினி என்ற பழைய எழுத்துருவில். இரண்டையும் யூனிகோடுக்கு மாற்றியபின் வரிகள் நீண்டு பெட்டிகளை மீறின. பக்கத்தை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. டிசைனருடைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

கூட்டிப் பார்க்க எக்செலில் ஒரு வரி போதும். C வேலை, D வகை, E நிமிடம் என்றால்:

```
=SUMIFS(E:E,C:C,"விடுதி பிரசுரம்",D:D,"உரை பிந்தியது")/60
```

கணக்கு நம்பத்தக்கதா என்று பார்க்கவும் வழி உண்டு. எல்லா வகைகளின் கூட்டுத்தொகையும் மொத்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டுத்தொகை குறைந்தால், யாரோ ஒரு பதிவுக்கு வகை போடாமலோ இரண்டு வகை போட்டோ விட்டதால் அது எந்த வகையிலும் எண்ணப்படவில்லை. ஒரு பதிவுக்கு ஒரே வகை என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பதிவுகள் எல்லாம் 60, 120 என்று முழு மணிகளாகவே இருந்தால் அவை வெள்ளிக்கிழமை பின்னேரம் ஞாபகத்திலிருந்து நிரப்பப்பட்டவை. அப்படி நிரப்பும்போது முதலில் காணாமல் போவது வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளைக் கேட்கும் ஐந்தைந்து நிமிடங்கள். அவை டிசைன் நேரத்துக்குள் கரைந்துவிடும். ‘மற்றவை’ வாரா வாரம் வீங்கினால் அதற்குள் பெயரில்லாத ஒரு வகை ஒளிந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் ஆட்களின் பயம். தன் வேகத்தை அளக்கிறார்கள் என்று நினைப்பவர் திருத்தத்தையும் டிசைன் என்றே எழுதுவார். அதனால் ஆள்வாரியான கூட்டுத்தொகையை எடுக்கவே வேண்டாம், வேலைவாரியாக மட்டும் எடுங்கள் என்பேன். அப்புறம், ஓர் இடையூறுக்குப் பின் பழைய ஓட்டத்துக்குத் திரும்பப் பிடிக்கும் நேரத்தை இந்த முறை தனியாகக் காட்டாது. அது பெரும்பாலும் டிசைன் கணக்கிலேயே விழும்.

சரி, அந்த 8 மணி நேரத்தை என்ன செய்வது? கொட்டேஷனில் இரண்டு வரிகள் சேரும்: மூன்று மொழி உரையும் யூனிகோடில் கைக்கு வந்து, வாடிக்கையாளர் சம்மதம் தந்தபின்தான் பக்கம் அமைப்போம், அதன்பின் உரை மாறினால் மணிக்கு 3,000 ரூபாய். அடுத்த இரண்டு மூன்று பிரசுரங்களில் ‘உரை பிந்தியது’ குறைகிறதா என்று பாருங்கள். அது குறைந்து ‘கதைத்தது’ அதே அளவு கூடினால், உரையைத் துரத்திப் பெறும் வேலை இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கும் கொட்டேஷனில் விலை போட வேண்டும்.